நிராகரிப்பை எங்கே ஒளித்துவைத்தார்கள்?

கணவரிடம் ஜேர்மனிக்குப் போகக் காத்திருக்கும் பெண்களில் பெரும்பாலானோர் விசாவுக்கு முன் ஏ1 நிலை ஜேர்மன் மொழிச் சோதனையில் தேறவேண்டும். 2007 ஓகஸ்ட் முதல் இருக்கும் நடைமுறை இது. அதற்காகவே யாழ்ப்பாண நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜேர்மன் வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பால் வீட்டுக்கு வந்து, பாடத்தில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி ஒரு ஜேர்மன் இணையத்தளத்தைக் கைபேசியில் திறந்தால், கண்ணில் படுவது சொல்லும் பொருளும் அல்ல. திரையை மூடிக்கொண்டு ஒரு பலகை எழும்பும். பத்துப் பன்னிரண்டு வரி ஜேர்மன். அடியில் நிறமடித்த பெரிய பொத்தான் ஒன்று, அதற்குப் பக்கத்தில் மங்கலான எழுத்தில் ஒன்று. ஏ1 புத்தகத்தில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லை.

"பச்சையை அமத்தினால் போகும், அமத்து பிள்ளை" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். அது உண்மைதான், பலகை போய்விடும். அந்த ஒரு தொடுகையோடு என்ன நடக்கிறது, மற்றப் பொத்தானை அமத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும், மூன்றாவதாகப் "பங்காளர்களை நிர்வகி" என்றொரு வழி வைத்திருக்கிறார்களே, அதற்குள் போனால் வெளியே வரமுடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

குக்கீ என்பது இணையத்தளம் ஒன்று எங்கள் கருவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி இதை உருவாக்கியபோது நோக்கம் சாதாரணமானது. பக்கத்துக்குப் பக்கம் போனாலும் வந்திருப்பது அதே ஆள்தான் என்று தளம் நினைவு வைத்திருக்கவேண்டும், அவ்வளவே. பிறகு ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் தன் குறிப்பை எழுதத் தொடங்கியது. அதனால் காலையில் மொழிபெயர்ப்புத் தளத்துக்கும் மாலையில் சமையல் குறிப்புக்கும் வந்தவர் ஒருவர்தான் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தன் விதியைத் திருத்தி, இப்படி எழுதுவதற்கு முன் ஆளின் சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் எது என்பதை இறுக்கிப்பிடித்தது. பலகைகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இதெல்லாம் ஐரோப்பாக்காரருக்கு, கொக்குவிலில் இருந்து பார்க்கும் எனக்கு என்ன என்று நினைக்கலாம். அப்படியில்லை. அந்தச் சட்டத்தின் 3ஆம் உறுப்புரையின்படி, நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிலைகொண்டதென்றால் தகவல் யாருடையது, அவர் எந்த நாட்டவர், எங்கே வசிக்கிறார் என்பது பொருட்டல்ல. ஹம்பேர்க்கில் இயங்கும் செய்தித்தளம் கொக்குவில் வாசகரிடமும் முறையாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வாசகரும் மாட்டேன் என்று சொல்லலாம். அந்த உரிமையைப் பெற விசா தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. பலகை வராத இடத்தில் பின்தொடர்வதும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புலம்பெயர்ந்தோர் நடத்தும் தமிழ்ச் செய்தித்தளங்கள் பலவற்றில் கூகிள் விளம்பரம் ஓடுகிறது. 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் பிரித்தானியாவிலும், அதே ஆண்டு ஜூலை 31 முதல் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் வாசகர்களுக்குத் தரச்சான்று பெற்ற சம்மதப் பலகையைக் காட்டவேண்டும் என்று கூகிள் தன் விளம்பரத்தைப் பாவிக்கும் தளங்களுக்கு விதித்தது. ஆகவே ஒரே தளத்தில் ஒரே மரண அறிவித்தலைத் திறக்கும்போது சூரிச்சில் இருக்கும் சித்தப்பாவின் திரையில் பலகை வரும். சுன்னாகத்தில் இருக்கும் மருமகனின் திரையில் வராமலே போகலாம். மருமகனிடம் கேட்கும்படி அங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொரு வழியாலும் அந்நிய மொழிப் பலகை வீட்டுக்குள் வரும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அப்போது சனம் இலவச வீபீஎன் செயலிகளை இறக்கிக்கொண்டது. அதை அணைக்க மறந்தவர்களின் கைபேசி இன்னும் நெதர்லாந்திலோ ஜேர்மனியிலோ இருப்பதாகவே தளங்கள் நினைக்கும். கூகிளைத் திறந்தவுடன் டச்சு மொழியில் "Alles accepteren", "Alles afwijzen" என்று இரண்டு பொத்தான் வந்தால் கைபேசியில் வைரஸ் ஏறிவிட்டதென்று பயப்படவேண்டியதில்லை. வீபீஎன்னை அணைத்தால் போதும்.

இனி மொழி வகுப்பு மாணவியின் திரைக்கு வருவோம். எல்லாப் பலகையும் ஒரே வகையல்ல. அரசாங்கத் தளமும் ரயில் நேர அட்டவணையும் பெரும்பாலும் சொந்தக் கணக்கெடுப்புக்காகத்தான் கேட்கும். அங்கே விளம்பரப் பங்காளர் பட்டியல் இருக்காது. "Nur notwendige" அல்லது "Nur erforderliche" என்று தொடங்கும் பொத்தானை அமத்தினால் அவசியமான குக்கீ மட்டும் எழுதப்படும், வேலை முடிந்தது. சிக்கலான வகை விளம்பரத்தால் வாழும் செய்தி, அகராதி, சமையல், வானிலைத் தளங்களில் வருவது. அதன் அடையாளம் முதல் வரியிலேயே இருக்கும். "Wir und unsere" என்று தொடங்கி ஒரு எண்ணைச் சொல்லி "Partner" என்று முடிப்பார்கள். விளம்பரத் துறையின் ஐரோப்பிய அமைப்பான ஐஏபி யூரோப் 2018இல் வகுத்த பொதுச் சட்டகம் இது. எத்தனை பங்காளர் என்பதை முதல் திரையிலேயே காட்டவேண்டும் என்று 2023இல் வந்த அதன் 2.2ஆம் பதிப்பு சொல்கிறது. எண் பல நூறைத் தொடுவது சாதாரணம்.

முதல் திரையில் "Alle akzeptieren" அல்லது "Zustimmen" என்று நிறமடித்திருப்பது ஏற்றுக்கொள். அதைத் தொட்டால் அந்தச் சில நூறு நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கும். பக்கத்தில் விளம்பரம் விழவேண்டிய ஒவ்வொரு இடமும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏலத்துக்குப் போகும். எந்தப் பக்கத்தைப் படிக்கிறார், என்ன கைபேசி, எந்த நாட்டு முகவரி, முன்பு கொடுத்த அடையாள எண் எது என்ற விபரம் ஏலம் கேட்பவர்கள் எல்லோரிடமும் போகும். ஏலத்தில் தோற்றவரும் விபரத்தைப் பார்த்துவிட்டார் என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத பகுதி. ஜேர்மன் சொல்லும் குடும்ப விசாவும் தேடும் ஓர் இலங்கைக் கைபேசி என்ற குறிப்பு யாருக்குப் பெறுமதியானது என்று வெளிநாட்டு முகவர்களிடம் காசு விட்ட ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"Alle ablehnen" அல்லது வெறும் "Ablehnen" என்றால் நிராகரி. இது முதல் திரையிலேயே இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே தொடலாம். தளம் திறக்கும், விளம்பரமும் வரும். ஆனால் அந்த விளம்பரம் படிக்கும் பக்கத்தைப் பார்த்து வருமே தவிர ஆளைப் பார்த்து வராது. நிராகரித்தால் தளம் வேலை செய்யாது என்ற பயம் வீணானது. உள்நுழைவுக்கும் பொருட்கூடைக்கும் வேண்டிய குக்கீக்குச் சம்மதமே தேவையில்லை என்பதால் அவை எப்படியும் இயங்கும்.

பிரச்சினை, அந்தப் பொத்தான் பல இடங்களில் முதல் திரையில் இல்லாததுதான். ஏன் இல்லை என்பதற்கு 2020இல் நூவென்ஸ் முதலிய ஐந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. நிராகரிப்புப் பொத்தானை முதல் திரையிலிருந்து எடுத்துவிட்டால் சம்மதிப்போர் விகிதம் 22 முதல் 23 புள்ளி வரை கூடுகிறது. ஒரு பொத்தானை உள்ளே தள்ளினால் நூறு பேரில் இருபதுக்கு மேற்பட்டோர் கூடுதலாக மாட்டுகிறார்கள் என்றால், எந்த வியாபாரி அதை வெளியே வைப்பான்?

அரசாங்கங்கள் தடி எடுத்த இடத்தில்தான் வெளியே வந்தது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சினில், ஏற்பது எவ்வளவு இலகுவோ மறுப்பதும் அவ்வளவு இலகுவாக இருக்கவேண்டும் என்று சொல்லி, 2022 ஜனவரி 6இல் கூகிளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் அறிவித்தது. பேஸ்புக் செய்தது நகைச்சுவை நாடகத்துக்கே பொருந்தும். குக்கீ வேண்டாம் என்பவர் இரண்டாம் திரைக்குப் போய், அங்கே "குக்கீகளை ஏற்றுக்கொள்" என்று எழுதியிருந்த பொத்தானைத்தான் அமத்தவேண்டியிருந்தது. மறுப்பதற்கும் ஏற்கும் பொத்தான்! அந்த மொழி தெரிந்த பிரெஞ்சுக்காரரே தடுமாறியிருப்பார். சில மாதங்களுள் கூகிள் ஐரோப்பாவில் நிராகரிப்பையும் முதல் திரைக்குக் கொண்டுவந்தது.

இதனால் நாட்டுக்கு நாடு பொத்தான் இருக்கும் இடமும் மாறுகிறது. பாரிஸ் உறவினர் அனுப்பிய பிரெஞ்சுத் தளத்தில் அடியில் தேடிப் பலனில்லாவிட்டால் பலகையின் மேல் வலது மூலையைப் பாருங்கள். சிறிய எழுத்தில் "Continuer sans accepter" என்று பல தளங்கள் வைத்திருக்கும், அதுதான் மறுப்பு. இத்தாலியில் மேல் வலது மூலைப் பெருக்கல் குறியைத் தொட்டு மூடினால் அதை மறுப்பாகக் கொள்ளவேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. இந்தப் பழக்கத்தை மற்ற நாட்டுத் தளங்களுக்குக் கொண்டுபோகவேண்டாம், அங்கே குறி என்ன செய்யும் என்று உறுதியில்லை. நோர்வே 2025 ஜனவரி முதல்தான் முழுமையான சம்மதம் கேட்கும் சட்டத்துக்கு வந்தது. அங்கே தேடவேண்டியது "Avvis alle" அல்லது "Kun nødvendige".

ஜேர்மன் பலகையில் "Ablehnen" இல்லையென்று வையுங்கள். இருப்பது நிறமடித்த "Akzeptieren", மங்கலான "Einstellungen" அல்லது "Partner verwalten". அதாவது நிர்வகிக்கும் வழி மட்டும்தான். உள்ளே போனால் நீண்ட பட்டியல் வரும். முதலில் நோக்கங்கள், பிறகு நிறுவனப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். அதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் பின்வாங்கி நிறமடித்ததை அமத்திவிடுகிறார்கள். பட்டியல் நீளமாக இருப்பதன் பயனும் அதுவே.

ஆனால் அந்தப் பட்டியலை வாசிக்கவே தேவையில்லை. சம்மதச் சுவிட்சுகள் எல்லாம் ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும், இருக்கவேண்டும். காரணம் ஒரு ஜேர்மன் வழக்கு. பிளானெட்49 என்ற நிறுவனம் இணையப் பரிசுப்போட்டியொன்றில் சம்மதப் பெட்டிக்குத் தானே முன்கூட்டி அடையாளம் போட்டுவைத்தது. 2019 ஒக்டோபர் 1இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது சம்மதமே அல்ல என்று தீர்த்தது. அன்றிலிருந்து ஆள் தன் கையால் போடாத சுவிட்ச் சம்மதமாகாது. ஆகவே பட்டியலுக்குள் போய் எதையும் தொடாமல் அப்படியே "Auswahl speichern" அல்லது "Auswahl bestätigen" என்பதை அமத்தினால், அதாவது என் தெரிவைச் சேமி என்றால், அதுவே மறுப்பு. இரண்டு தொடுகையில் முடிகிற வேலை.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, உள்திரையிலும் நிறமடித்த பொத்தான் "Alle akzeptieren" ஆகவே இருக்கும். சேமிக்கும் பொத்தான் அதற்குப் பக்கத்தில் நிறமில்லாமல் நிற்கும். கை பழக்கத்தில் நிறத்துக்குப் போனால் சுற்றி வந்ததெல்லாம் வீண்.

மற்றது கொஞ்சம் நுணுக்கமானது. சம்மதச் சுவிட்சுக்குப் பக்கத்தில் அல்லது தனித் தாவலில் "Berechtigtes Interesse", அதாவது நியாயமான நலன் என்றொரு வரிசை இருக்கும். பிரெஞ்சில் "Intérêt légitime". சட்டம் நிறுவனத்துக்குக் கொடுத்த இன்னொரு வழி இது. உன் சம்மதம் எனக்குத் தேவையில்லை, என் தொழிலுக்கு நியாயமான தேவை இருக்கிறது, வேண்டாமென்றால் நீதான் ஆட்சேபிக்கவேண்டும் என்பது அதன் தர்க்கம். அதனால் இந்தச் சுவிட்சுகள் எரிந்தபடியே வரும். வெறுமனே சேமித்தால் இவை எரிந்தபடியே சேமிக்கப்படும். ஆளைப் பற்றிய விபரக்கோவை தொகுப்பதற்கும் அதைக்கொண்டு விளம்பரம் காட்டுவதற்கும் இந்தச் சாக்கைச் சொல்லமுடியாது என்று 2.2ஆம் பதிப்பு நிறுத்திவிட்டது. விளம்பரம் எத்தனை பேரிடம் போனது என்று அளப்பது போன்றவற்றுக்கு இன்னும் சொல்கிறார்கள். எனவே சேமிக்குமுன் அந்தத் தாவலைத் திறந்து, "Allen widersprechen" போல எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஆட்சேபிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொட்டுவிட்டுச் சேமியுங்கள். இல்லாமல், ஒவ்வொன்றாகத்தான் அணைக்கவேண்டும் என்றால், நான் அணைப்பதில்லை. சம்மதச் சுவிட்ச் அணைந்திருந்தால் பெரிய பங்கு காப்பாற்றப்பட்டதுதான். மிச்சத்துக்காக இருநூறு சுவிட்சுக்கு விரல் தேயவேண்டியதில்லை என்பது என் கணக்கு.

மறுப்பு உண்மையில் பதிவானதா என்று பார்க்கவும் வழியுண்டு. கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், மேசைக் கணினியில் தளத்தைத் திறந்து தெரிவைச் சேமித்த பிறகு F12ஐ அமத்தி, கொன்சோல் பகுதியில் இந்த வரியைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

```
__tcfapi('addEventListener', 2, d => console.log(d.purpose))
```

ஐஏபி சட்டகத்தைப் பாவிக்கும் தளமென்றால் இரண்டு பட்டியல் வரும். `consents` என்பதில் 1 முதல் 11 வரையான நோக்கங்களில் எதற்கும் `true` இருக்கக்கூடாது. `legitimateInterests` என்பதில் 2, 7 போன்ற எண்களுக்கு `true` நின்றால் நியாயமான நலன் வரிசை அணையவில்லை என்று பொருள். தட்டச்சு வேண்டாமென்றால் அதே கருவியில் குக்கீகளின் பட்டியலைத் திறக்கலாம். `euconsent-v2` என்ற பெயரில் எழுத்துக் கோவை ஒன்று பெரும்பாலும் இருக்கும். எங்கள் தெரிவு அதற்குள்தான் சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. மறுப்பை நினைவு வைப்பதற்கும் ஒரு குக்கீ வேண்டியிருக்கிறது. அதனால்தான் குக்கீகளை அழித்தவர்களுக்கும் தனிப்பட்ட உலாவல் சன்னலில் திறப்பவர்களுக்கும் அதே பலகை மறுபடி மறுபடி வரும்.

சில ஜேர்மன், ஒஸ்ட்ரியச் செய்தித்தளங்களில் எவ்வளவு தேடினாலும் மறுப்பு கிடையாது. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் மாதம் சில யூரோ கட்டி "Pur" சந்தா எடு என்று இரண்டே வழி. 2018இல் வியன்னாவின் டேர் ஸ்டாண்டார்ட் நாளிதழ் தொடங்கிய முறை இது. பிறகு ஜேர்மனியின் பெரிய ஏடுகள் பலவும் பிடித்துக்கொண்டன. இது நியாயமா என்ற வழக்காடல் ஐரோப்பாவில் இன்னும் ஓயவில்லை. ஒரு கட்டுரைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் யூரோச் சந்தா கட்டப்போவதில்லை. அவசியம் வாசிக்கவேண்டுமென்றால் தனிப்பட்ட சன்னலில் திறந்து, ஏற்று, வாசித்து, சன்னலை மூடிவிடலாம். மூடும்போது குக்கீ அழிந்துபோகும். இணைய முகவரி அவர்களுக்குத் தெரிந்ததுதான், அதை இது மறைக்காது.

உலாவியின் மொழிபெயர்ப்பு கைகொடுக்காதா என்று கேட்பார்கள். பக்கத்தைத் தமிழாக்கும், ஆனால் பலகை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் சட்டகத்துக்குள் தனியாக ஏற்றப்படுவதால் அது ஜேர்மனிலேயே நின்றுவிடக்கூடும். அப்போது திரையைப் படம் பிடித்து கூகிள் லென்ஸிடம் கொடுப்பதே இலகு. ஏற்கெனவே பச்சையை அமத்தியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு இலகுவாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும் என்று சட்டம் சொல்வதால், பக்கத்தின் அடியில் "Datenschutz-Einstellungen" அல்லது "Privacy Manager" போன்ற இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் அதே பலகை திரும்ப வரும். போன விபரம் போனதுதான், இனிப் போவது நிற்கும்.

தெரிந்த மொழியில் கேட்டால்தானே அது கேள்வி என்று ஒருவர் வாதாடலாம். ஐரோப்பியச் சட்டம் தெளிவான, எளிய மொழியில் கேட்கச் சொல்கிறது. எந்த மொழி பேசுவோரை நோக்கித் தளம் நடத்தப்படுகிறதோ அந்த மொழியில் என்பது அதன் விளக்கம். ஜேர்மன் அகராதித் தளம் தமிழருக்காக நடத்தப்படுவதல்ல, அதனிடம் தமிழ் கேட்கமுடியாது. பாரிசிலிருந்து தமிழருக்கென்றே நடத்தும் தளத்திடம் கேட்கலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவு. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வசதி கொடுத்தாகவேண்டும், தமிழ் அவற்றில் ஒன்று. இலங்கையும் 2022இல் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்தன, பின்போடப்பட்டன. கொழும்புக் கடைத்தளம் ஒன்று இந்த வாரம் உங்களிடம் குக்கீ பற்றிக் கேட்டதா, கேட்டிருந்தால் எந்த மொழியில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.